விடுதிச் சாப்பாட்டைப் பற்றி ஒரு சர்வே: பதிலைக் கேள்விக்குள்ளேயே எழுதிவைக்காமல் கேட்பது எப்படி

"நிர்வாகம் அண்மையில் மேம்படுத்தியுள்ள இரவுச் சாப்பாடும் பரிமாறும் நேரமும் உங்களுக்குத் திருப்தியாக இருக்கின்றனவா? ஆம் / இல்லை."

மொரீஷியஸ் தையல் தொழிற்சாலைகளின் விடுதிகளில் ஒட்டப்படும் கேள்வித்தாள்களில் இப்படிப்பட்ட கேள்விகளை அடிக்கடி பார்க்கலாம். நாகரிகமாக, அக்கறையோடு எழுதியதுபோலத்தான் தெரியும். ஆனால் இதற்கு வரும் "ஆம்" எதையும் சொல்லாது. தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்து, கம்பெனி விடுதியில் தங்கி, கம்பெனி போடும் சாப்பாட்டைச் சாப்பிடும் ஒரு பையனோ பெண்ணோ இதைப் படித்தால் எந்தக் கட்டத்தில் டிக் போட வேண்டும் என்பது முதல் வரியிலேயே புரிந்துவிடும். அவர்களுடைய வேலை அனுமதி அதே முதலாளியோடு கட்டப்பட்டது. "இல்லை" என்று எழுதுவதற்கு அவர்கள் யோசிப்பார்கள்.

இந்தத் தீவில் தொழிலாளர் நலப் பணியில் இருப்பவள் என்ற முறையில், இந்த ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு அதை யார் பக்கமும் சாயாத கேள்வியாக மாற்றும் வழியைப் படிப்படியாக எழுதுகிறேன். கடையில் வாடிக்கையாளர்களிடம் கேட்பவர்களுக்கும் இதே வழிதான். ஆனால் கேட்பவர் சம்பளம் கொடுப்பவராகவும் இருக்கும்போது கேள்வி கொஞ்சம் சாய்ந்தாலும் பதில் முழுதாகச் சாய்ந்துவிடும். அதனால்தான் ஊழியர் சர்வேயை எடுத்துக்கொண்டேன்.

முதல் படி: கேள்வியை எழுதும் முன் முடிவை எழுதுங்கள்

ஒரு வெள்ளைத் தாளில், இந்தப் பதில் கையில் வந்தால் என்ன செய்யப்போகிறோம் என்று எழுதுங்கள். விடுதிச் சாப்பாட்டில் நிர்வாகம் மூன்று காரியங்களைச் செய்ய முடியும் என்று வைத்துக்கொள்வோம்: சமையல்காரரை மாற்றலாம், மெனுவை மாற்றலாம், பரிமாறும் நேரத்தை மாற்றலாம். மேலே உள்ள கேள்விக்கு நூறு பேர் "இல்லை" என்றாலும் இந்த மூன்றில் எதைச் செய்வது என்று தெரியாது. நூறு பேர் "ஆம்" என்றாலும் அப்படித்தான். சாப்பாடு ருசியாக இருந்து, இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவர்களுக்கு ஆறிப்போய்க் கிடைத்தால் சமையல்காரரை மாற்றி ஒரு பயனும் இல்லை.

ஆகவே ருசி, அளவு, சூடு, நேரம் என்று தனித்தனியாகப் பிரியுங்கள். எந்தப் பதில் வந்தாலும் எதுவும் மாறப்போவதில்லை என்ற பொருள் ஏதாவது இருந்தால் அதைக் கேட்கவே வேண்டாம். "திருப்தியா?" என்ற கேள்வி பெரும்பாலும் அப்படித்தான் உள்ளே நுழைகிறது. முடிவு எதுவும் மனதில் இல்லாதபோது, பாராட்டு வாங்குவதற்காக.

இரண்டாம் படி: ஒவ்வொரு சொல்லையும் தனியாகப் பிடித்துப் பாருங்கள்

இப்போது பழைய கேள்விக்குத் திரும்புவோம். பென்சிலை எடுத்துக்கொண்டு, சாயும் இடங்களை ஒவ்வொன்றாக அடிக்கோடிடுங்கள்.

"நிர்வாகம்" என்ற சொல் கேள்வியில் இருந்தாலே பதில் நிர்வாகத்தைப் பற்றிய தீர்ப்பாகிவிடுகிறது. குழம்பைப் பற்றிக் கேட்டால் குழம்பைப் பற்றிச் சொல்வார்கள். நிர்வாகத்தின் குழம்பைப் பற்றிக் கேட்டால் வாயை மூடிக்கொள்வார்கள். எடுத்துவிடுங்கள்.

"மேம்படுத்தியுள்ள" என்பது நல்லதாகிவிட்டது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. இனி "இல்லை" என்று சொல்பவர், கேட்டவர் சொன்னதை மறுக்க வேண்டியிருக்கிறது. "புதிய", "சிறப்பான", "வசதிக்காகச் செய்த" எல்லாம் இதே வகை. மறுபக்கமும் உண்டு: "தொடர்ந்து புகார் வரும் இரவுச் சாப்பாடு" என்று எழுதினால் எதிர்ப்பக்கம் சாய்கிறது. தொழிற்சங்கத்தார் தயாரிக்கும் தாள்களில் இதைப் பார்க்கலாம். இரண்டும் ஒரே குறைதான்.

"திருப்தியாக" என்பது ஒரு முனையை மட்டும் காட்டுகிறது. "எவ்வளவு திருப்தியாக இருக்கிறீர்கள்?" என்று கேட்டாலும் திருப்தி இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அளவை மட்டும் விசாரிப்பதாகிறது. "எப்படி இருந்தது?" என்று கேட்டு, நல்லதையும் மோசத்தையும் பதில் கட்டங்களில் சம அளவில் வைப்பது பாதுகாப்பானது.

கடைசியாக, நாம் பேச்சில் சேர்க்கும் ஒட்டுகள். "நன்றாகத்தானே இருக்கிறது?", "இப்போது பரவாயில்லை இல்லையா?", "குழம்புகூட நன்றாக இருந்ததா?" இவற்றைத் தாளில் எழுதமாட்டோம், ஆனால் படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும்போது வாயில் வந்துவிடும். தாளை நேர்மையாக எழுதிவிட்டு வார்டன் வாயால் அதைச் சாய்க்க விடாதீர்கள். வாசித்துக் காட்டுபவர் அச்சில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து படிக்க வேண்டும். புரியவில்லை என்றால் இன்னொரு முறை அதையே படிக்க வேண்டும். தன் சொல்லில் விளக்கக் கூடாது.

மூன்றாம் படி: இரண்டு பக்கத்தையும் கேள்விக்குள் கொண்டுவாருங்கள்

மாற்றம் வேண்டுமா என்று கேட்கும்போதுதான் இது முக்கியம். "இரவுச் சாப்பாட்டு நேரத்தை மாற்ற வேண்டுமா?" என்றால் ஒரு பக்கம் மட்டும் சொல்லப்படுகிறது, மறுபக்கத்தைப் பதில் சொல்பவரே யோசித்துக்கொள்ள வேண்டும். "இரவுச் சாப்பாட்டு நேரத்தை மாற்ற வேண்டுமா, இப்போது இருப்பதுபோலவே இருக்கலாமா?" என்றால் இரண்டும் ஒரே மரியாதையோடு நிற்கின்றன.

ஒரு சொல் மாறினால் எவ்வளவு மாறும் என்பதற்கு 1941-இல் அமெரிக்காவில் டொனால்ட் ரக் வெளியிட்ட சோதனை இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஜனநாயகத்துக்கு எதிரான பொதுப் பேச்சுகளை "அனுமதிக்க வேண்டுமா" என்று ஒரு பகுதியினரிடமும், "தடை செய்ய வேண்டுமா" என்று இன்னொரு பகுதியினரிடமும் கேட்டார்கள். கருத்துச் சொன்னவர்களில் அனுமதிக்கக் கூடாது என்றவர்கள் 75 சதவீதம். தடை செய்ய வேண்டும் என்றவர்கள் 54 சதவீதம்தான். அனுமதிக்காமல் இருப்பதும் தடை செய்வதும் காரியத்தில் ஒன்றே. ஆனால் தடை என்ற சொல் கனமானது. அதற்குக் கை தூக்கப் பலர் தயங்கினார்கள். நம் விடுதியில் "இரவு 10 மணிக்கு மேல் வெளியே போவதைத் தடை செய்யலாமா?" என்பதும் "10 மணிக்கு மேல் வெளியே போக அனுமதிக்கலாமா?" என்பதும் இதே வேலையைச் செய்யும்.

"பின்வரும் கூற்றை ஏற்கிறீர்களா?" என்று ஒரு வாக்கியத்தை வைத்து ஒப்புதல் கேட்கும் வடிவத்தை முடிந்தவரை தவிருங்கள். எதைச் சொன்னாலும் ஒப்புக்கொள்ளும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. பெரியவர் ஒருவர் எழுதிக் கொடுத்த வாக்கியத்தை மறுப்பது மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்டவர்களிடம் அது இன்னும் கூடும். "சூப்பர்வைசர் எங்களை மரியாதையாக நடத்துகிறார்: ஏற்கிறேன் / ஏற்கவில்லை" என்பதை விட, "கடந்த 4 வாரத்தில் உங்கள் லைனில் யாரையாவது சத்தம் போட்டுத் திட்டியதைக் கேட்டீர்களா? ஒருமுறையும் இல்லை / ஒரு சில முறை / வாரத்துக்கு ஒருமுறை / அதைவிட அடிக்கடி" என்பது நேராகச் செய்தியைக் கேட்கிறது. யார் திட்டினார் என்று கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பெயரைக் கேட்டால் பதில் நின்றுபோகும்.

நான்காம் படி: "உம்" வரும் இடத்தையும் "இல்லை" வரும் இடத்தையும் தேடுங்கள்

பழைய கேள்வி "சாப்பாடும் பரிமாறும் நேரமும்" என்று இரண்டைச் சேர்த்துக் கேட்கிறது. சாப்பாடு பிடித்து நேரம் பிடிக்காதவர் எங்கே டிக் போடுவார்? இரண்டில் நல்லதைப் பார்த்து "ஆம்" போட்டுவிட்டுப் போவார். எழுதி முடித்த தாளில் "உம்", "மற்றும்", "அல்லது" எல்லாவற்றையும் வட்டமிட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இது ஐந்து நிமிட வேலை.

எதிர்மறைக் கேள்விகள் இதைவிட ஆபத்தானவை. "சாப்பாடு போதவில்லையா?" என்று கேட்டால், போதாதவர் "ஆமாம், போதவில்லை" என்றும் சொல்லலாம், "இல்லை, போதவில்லை" என்றும் சொல்லலாம். தாளில் அவர் "ஆம்" கட்டத்தில் டிக் போட்டிருந்தால் என்ன பொருள் என்று யாராலும் சொல்ல முடியாது. இதையே ஆங்கிலத்தில் கேட்டு வாங்கிய "யெஸ்"ஸுடன் சேர்த்து எண்ணினால் குழப்பம் இரட்டிப்பாகும்.

பெரிய நிறுவனங்களும் இதில் விழுந்திருக்கின்றன. 1992-இல் அமெரிக்காவில் ரோப்பர் நிறுவனம் நடத்திய கருத்துக் கணிப்பில், யூத இனப்படுகொலை நடக்கவே இல்லை என்பது சாத்தியமாகத் தோன்றுகிறதா, சாத்தியமில்லை என்று தோன்றுகிறதா என்று கேட்டார்கள். 22 சதவீதத்தினர் சாத்தியம் என்றார்கள் என்று வந்தபோது பெரும் அதிர்ச்சி. இரட்டை எதிர்மறையை நீக்கி 1994-இல் தெளிவாகக் கேட்டபோது அது 1 சதவீதத்துக்கு வந்துவிட்டது. மக்கள் மனம் மாறவில்லை, வாக்கியம் மாறியது.

ஐந்தாம் படி: பதில் கட்டங்கள்

கேள்வி நேராக இருந்து கட்டங்கள் சாய்ந்திருப்பது சாதாரணம். "மிகச் சிறப்பு, சிறப்பு, நன்று, சுமார்" என்று நான்கு கட்டம் போட்டால் மூன்று பாராட்டும் ஒரு முனகலும்தான் இருக்கின்றன. மோசம் என்று சொல்ல இடமே இல்லை. நல்லதற்கு எத்தனை கட்டமோ மோசத்துக்கும் அத்தனை இருக்க வேண்டும், நடுவில் ஒன்று.

அந்த நடுக் கட்டத்துக்குப் பலரும் "பரவாயில்லை" என்று எழுதுகிறார்கள். எழுதாதீர்கள். ஒருவருக்கு அது நன்றாகவே இருக்கிறது என்பது. இன்னொருவருக்கு, குறை இருக்கிறது, விடுங்கள் என்பது. வீட்டைவிட்டு வந்து கிடைத்ததைச் சாப்பிடுபவர்கள் எல்லோரும் அந்தக் கட்டத்தில்தான் குவிவார்கள். "நன்றாகவும் இல்லை, மோசமாகவும் இல்லை" என்று நீட்டி எழுதினாலும் பொருள் ஒன்றாக நிற்கிறது.

"பொருந்தாது" அல்லது "நான் அங்கே சாப்பிடுவதில்லை" என்று ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். அறையில் தானே சமைத்துக்கொள்பவர் இல்லாத சாப்பாட்டுக்கு மதிப்பெண் போட வேண்டி வரக் கூடாது. வாசித்துக் காட்டும்போது கடைசியாகக் காதில் விழுந்த பதிலைச் சொல்லும் போக்கும், தாளில் படிக்கும்போது முதலில் கண்ட கட்டத்தில் டிக் போடும் போக்கும் உண்டு. அதனால் பாதித் தாள்களில் "மிகவும் மோசம்" முதலிலும், மீதிப் பாதியில் "மிகவும் நன்று" முதலிலும் வருமாறு அச்சிடுங்கள். இதனால் செலவு அதிகரிக்காது.

ஆறாம் படி: கேள்விக்கு முன்னால் என்ன இருக்கிறது

தாளின் மேலே "உங்கள் நலனுக்காக நிர்வாகம் எடுத்துவரும் முயற்சிகளின் ஒரு பகுதியாக..." என்று தொடங்கினால், கீழே எவ்வளவு நடுநிலையாகக் கேட்டாலும் பயனில்லை. எதற்காகக் கேட்கிறோம், யார் பார்ப்பார்கள், பெயர் வேண்டாம் என்ற மூன்றும் போதும். வரிசையில், பொதுவான கேள்வி முதலில், குறிப்பான கேள்விகள் பிறகு. சாப்பாடு ஆறிப்போனதா, பூச்சி இருந்ததா என்று ஐந்து கேட்டுவிட்டு "மொத்தத்தில் விடுதி எப்படி?" என்று கேட்டால் அந்தப் பதில் முழுவதும் சாப்பாட்டைப் பற்றியதாகிவிடும்.

ஏழாம் படி: சிலரிடம் வாசித்துக் கேளுங்கள்

என் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் பயனுள்ள படி. அதனால் அவசரம் என்று விட்டுவிடாதீர்கள். வெவ்வேறு ஷிஃப்டிலிருந்து ஐந்தாறு பேரைத் தனித்தனியாக உட்காரவைத்து, கேள்வியைப் படிக்கச் சொல்லி, மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். பதில் உங்களுக்கு வேண்டாம். பதில் எப்படி வந்தது என்பதுதான் வேண்டும்.

"இரவுச் சாப்பாடு" என்று எழுதியிருந்த ஒரு கேள்வியை இரவு ஷிஃப்டில் இருக்கும் பெண்ணிடம் கொடுத்தபோது அவள் கேட்டாள்: "அக்கா, நடுராத்திரி பிரேக்ல தொழிற்சாலையில குடுக்கிறதா, இல்ல போறதுக்கு முன்னாடி ரூம்ல சாப்பிடறதா?" பகல் ஷிஃப்டில் இருப்பவர்களுக்கு அது விடுதியில் ஏழு மணிக்குச் சாப்பிடும் சாப்பாடு. ஒரே சொல்லுக்கு இரண்டு வேறு சாப்பாட்டைப் பற்றிப் பதில் வந்து, ஒன்றாகக் கூட்டப்பட்டிருக்கும். கேள்வி "வேலை முடிந்து விடுதிக்கு வந்தபின் முதலில் சாப்பிடும் சாப்பாடு" என்று மாறியது.

பேசி முடித்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தத் தாளை எழுதினவங்க எந்தப் பதில் வரணும்னு நினைக்கிறாங்கன்னு உனக்குத் தோணுது?" பெரும்பாலோர் ஒரே பதிலைக் காட்டினால் கேள்வி இன்னும் சாய்ந்திருக்கிறது. ஆளுக்கு ஒன்றைச் சொன்னால், அல்லது "தெரியலையே" என்றால் அந்தக் கேள்வி தேறியது. இதைவிட வெளிப்படையான அடையாளமும் உண்டு. ஒருவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு "இதுக்கு எதுல டிக் போடணும்க்கா?" என்று கேட்டால், அவர் தன் கருத்தை அல்ல, உங்கள் விருப்பத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

தமிழ்த் தாளும் கிரியோல் தாளும் வங்காளித் தாளும் சேர்ந்து போகும் இடங்களில், ஒவ்வொரு மொழியிலும் இந்தச் சோதனையைத் தனியாகச் செய்ய வேண்டும். ஒரு மொழியில் நேராக நிற்கும் கேள்வி இன்னொன்றில் சாயலாம்.

எட்டாம் படி: சந்தேகம் இருந்தால் இரண்டு வடிவமும் கொடுத்துப் பாருங்கள்

ஆட்கள் போதுமான அளவு இருந்தால், ஒரு கேள்வியின் இரு வடிவங்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் கலந்து பாதிப் பாதியாகக் கொடுங்கள். மாடிவாரியாகப் பிரிக்க வேண்டாம். மேல்மாடியில் ஒரே ஷிஃப்ட் இருக்கக்கூடும். விடைகளில் பெரிய வித்தியாசம் வந்தால் வாக்கியம்தான் பேசியிருக்கிறது. எவ்வளவு பெரியது? பாதிக்கு 100 பேர் என்றால், ஏறக்குறைய 14 சதவீதப் புள்ளிக்குக் குறைவான வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது. 200 பேர் உள்ள விடுதியில் 6 புள்ளி வித்தியாசத்தைக் காட்டி யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

இவ்வளவும் முடிந்தபின் நம் ஒரு கேள்வி இப்படிப் பிரிந்து நிற்கிறது:

1. கடந்த 7 நாட்களில், வேலை முடிந்து வந்தபின் எத்தனை நாள் விடுதிச் சாப்பாட்டைச் சாப்பிட்டீர்கள்? (0 முதல் 7 வரை, 0 என்றால் 5-ஆம் கேள்விக்குப் போகவும்)
2. அந்த நாட்களில் அதன் ருசி எப்படி இருந்தது? மிகவும் நன்று / நன்று / நன்றாகவும் இல்லை, மோசமாகவும் இல்லை / மோசம் / மிகவும் மோசம்
3. உங்களுக்குக் கிடைத்த அளவு எப்படி? குறைவு / சரியான அளவு / அதிகம்
4. அவற்றில் எத்தனை நாள் சாப்பாடு சூடாக இருந்தது? (0 முதல் 7 வரை)
5. பரிமாறும் நேரத்தை மாற்ற வேண்டுமா, இப்போது இருப்பதுபோலவே இருக்கலாமா? மாற்ற வேண்டும் / இருப்பதுபோலவே இருக்கலாம் / எனக்கு எதுவானாலும் சரி
6. உங்கள் ஷிஃப்ட்: பகல் / இரவு

ஆறாவது கேள்வி இல்லாமல் நான்காவதற்குப் பயன் பாதிதான். பகல் ஷிஃப்டில் 7-க்கு 6 நாள் சூடு, இரவு ஷிஃப்டில் 7-க்கு 1 நாள் என்று வந்தால் சமையல்காரரைத் தொட வேண்டியதில்லை. சாதத்தையும் குழம்பையும் சூடாக வைக்கும் பெட்டி வாங்கினால் போதும். "திருப்தியா?" என்று கேட்டிருந்தால் ஒரு சமையல்காரர் வேலை இழந்திருப்பார்.

வாக்கியத்தால் தீராதது

கேள்வி எவ்வளவு நேராக இருந்தாலும், தாளை வார்டன் கையில் கொடுக்க வேண்டும் என்றால் பயம் பயம்தான். பூட்டிய பெட்டி ஒன்றை வாசலில் வைப்பதும், தொழிற்சாலைக்கு வெளியே இருக்கும் ஒருவர் எண்ணுவதும் நல்லது. ஷிஃப்ட், வயது, சொந்த ஊர், லைன் எண் நான்கையும் கேட்டால் பெயர் இல்லாமலே ஆளைக் கண்டுபிடிக்கலாம். அப்படி அடையாளம் தெரியும் தாள்கள் மொரீஷியஸின் 2017-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிடும். முடிவுக்குத் தேவையான ஒன்றை மட்டும் கேளுங்கள். ஒரு பிரிவில் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் அதன் எண்ணிக்கையைத் தனியாகக் காட்டாமல் வேறொன்றோடு சேர்த்துவிடுங்கள்.

அறிக்கை எழுதும்போது சதவீதத்துக்குப் பக்கத்திலேயே கேள்வியின் முழு வாசகத்தையும் கட்டங்களையும் அச்சிடுங்கள். "82 சதவீதம் திருப்தி" என்று மட்டும் இருந்தால் படிப்பவருக்கு எடைபோட வழியில்லை. பழைய தாளில் கேட்ட ஆண்டுகளோடு புதிய தாளை ஒப்பிட முடியாது என்பதையும் நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். புதிய கேள்வியில் எண்கள் இறங்கும். சாப்பாடு கெட்டுவிட்டது என்று சமையலறை மேல் பாய்வார்கள். ஒப்பீடு தேவை என்றால் ஒரே ஒரு முறை பாதிப் பேருக்குப் பழைய வாசகத்தையும் மீதிப் பேருக்குப் புதியதையும் கொடுத்து, வாசகம் மாறியதால் மட்டும் எவ்வளவு இறங்கியது என்று அளந்து அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.